16.6 ஓவர் எங்கிருந்து வந்தது?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழின் விளையாட்டுப் பக்கத்தில், ஐந்து டி20 ஆட்டங்களை வைத்துப் பந்துவீச்சாளர்களின் பட்டியல் ஒன்று போட்டிருந்தீர்கள். அதில் இரண்டாவது பெயருக்கு எதிரே மொத்த ஓவர் 16.6 என்று அச்சாகியிருக்கிறது. ஆறாவது பந்து விழுந்தவுடன் ஓவர் முடிந்துவிடும். பிறகு புள்ளிக்குப் பின்னால் 6 எப்படி வரும்? இதை அச்சுப்பிழை என்று விட்டுவிட முடியவில்லை. ஓவருக்கு எத்தனை ரன் கொடுத்தார் என்று சொல்லும் எகானமி எண்கள் பலவும் அந்தப் பட்டியலில் ஏன் தவறு என்பதற்கு இதுவே தடயம்.

ஓவர் கணக்கில் வரும் புள்ளி தசமப்புள்ளி அல்ல. 3.4 என்றால் மூன்று ஓவரும் நான்கு பந்தும், அதாவது 22 பந்து. வகுப்பதற்கு அதை 3.67 ஓவர் என்று எடுக்க வேண்டும். உங்கள் பட்டியலில் 3.4 ஓவரில் 31 ரன் கொடுத்தவருக்கு எகானமி 9.12 என்று இருக்கிறது. 31-ஐ அப்படியே 3.4-ஆல் வகுத்திருக்கிறார்கள். சரியான விடை 31 × 6 ÷ 22, அதாவது 8.45. இந்தப் பிழைக்கு ஒரு குணம் உண்டு: எப்போதும் பந்துவீச்சாளருக்குப் பாதகமாகவே விழும். .1 முதல் .5 வரை எதுவானாலும் உண்மையான பின்னம் அதைவிடப் பெரியது. வகுக்கும் எண் சிறுத்தால் எகானமி ஏறிவிடும். குறைந்த ஓவர் போட்டவருக்கு அடி பலம். 1.5 ஓவரில் 22 ரன் கொடுத்தவரின் எகானமி 12.00, தசமமாக வகுத்தால் 14.67.

அந்த 16.6 காரரின் ஐந்து ஆட்டங்களையும் உங்கள் பட்டியலிலிருந்தே எடுத்துக்கொள்வோம். 4 ஓவரில் 28 ரன், 2 விக்கெட். 3.4 ஓவரில் 31 ரன், 1 விக்கெட். 4 ஓவரில் 22 ரன், விக்கெட் இல்லை. 1.2 ஓவரில் 19 ரன், 1 விக்கெட். 4 ஓவரில் 35 ரன், 3 விக்கெட். பந்துகளாக மாற்றினால் 24, 22, 24, 8, 24; மொத்தம் 102 பந்து, சரியாக 17 ஓவர். ரன் 135. ஆகவே எகானமி 135 ÷ 17 = 7.94. நீங்கள் போட்டிருப்பது 8.13.

கணினி விரிதாளில் ஓவரை அப்படியே கூட்டியதால் வந்த வினை இது. ஓவர் B2 கட்டத்தில் இருந்தால், பந்துகளாக மாற்ற இது போதும்:

```
=INT(B2)*6+ROUND((B2-INT(B2))*10,0)
```

ROUND-ஐ விட்டுவிடக் கூடாது. 3.4-இலிருந்து 3-ஐக் கழித்தால் கணினிக்குள் 0.4-க்கு மயிரிழை குறைவாக நிற்கக்கூடும். பந்துகளைக் கூட்டி, ரன்னை 6-ஆல் பெருக்கி வகுத்தால் எகானமி வந்துவிடும். ஓவருக்கு எட்டுப் பந்து இருந்த பழைய ஆஸ்திரேலிய ஆட்டங்களையும் பந்துக் கணக்கில்தான் இன்றைய எண்களோடு ஒப்பிட முடியும்.

இன்னொரு பொறி, ஒவ்வோர் ஆட்டத்தின் எகானமியையும் கூட்டி ஐந்தால் வகுப்பது. இவருக்கு அப்படிச் செய்தால் 8.79 வரும். எட்டே பந்து போட்ட அந்த ஒரு ஆட்டத்தின் 14.25-க்கு, முழு நான்கு ஓவர் போட்ட ஆட்டங்களுக்குச் சமமான இடம் கிடைத்துவிடுகிறது. மொத்த ரன்னை மொத்தப் பந்தால்தான் வகுக்க வேண்டும்.

பந்துவீச்சு சராசரியில் ஓவர் நுழைவதே இல்லை. கொடுத்த ரன்னை எடுத்த விக்கெட்டால் வகுக்க வேண்டும், அவ்வளவுதான்: 135 ÷ 7 = 19.29. இங்கேயும் ஆட்டவாரியாகச் சராசரி கண்டு அவற்றுக்கு மீண்டும் சராசரி எடுத்தால் 18.92 வருகிறது. பார்க்க நெருக்கமாகத் தெரிவதால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். ஆனால் விக்கெட் விழாத ஆட்டத்துக்குச் சராசரியே கிடையாது என்பதால், அந்த 22 ரன் கணக்கிலிருந்து காணாமல் போய்விட்டது.

விக்கெட் இல்லாதவருக்குச் சராசரி 0.00 என்று போட்டிருப்பது இதைவிட மோசம். சராசரி குறையக் குறைய நல்லது என்று வரிசைப்படுத்தினால் அவர் முதலிடத்தில் வந்து உட்கார்ந்துகொள்வார். அந்தக் கட்டத்தில் ஒரு கோடு போடுவதுதான் வழக்கம். 1964-இல் மதராஸ் டெஸ்டில் இங்கிலாந்துக்கு எதிராக பாபு நட்கர்னி 32 ஓவர் போட்டார். ரன்னே கொடுக்காத மெய்டன் ஓவர் 27, கொடுத்தது 5 ரன், விக்கெட் இல்லை. அந்த இன்னிங்ஸில் அவர் எகானமி 0.16. சராசரி? கோடுதான்.

இரண்டு எண்களையும் எப்படிச் சேர்த்துப் படிப்பது என்பதற்கும் நட்கர்னியே நல்ல உதாரணம். டெஸ்ட் வாழ்க்கை முழுவதும் அவர் எகானமி 1.67, சராசரி 29.07. முரளிதரனுக்கு எகானமி 2.47, சராசரி 22.72. ஓவருக்குக் கிட்டத்தட்ட ஒரு ரன் கூடுதலாகக் கொடுத்தவரின் சராசரி எப்படிக் குறைந்தது? ஒரு விக்கெட்டுக்கு நட்கர்னி ஏறக்குறைய 104 பந்து போட வேண்டியிருந்தது, முரளிக்கு 55 போதுமாக இருந்தது. எகானமியை ஒரு விக்கெட்டுக்கான பந்துகளால் பெருக்கி 6-ஆல் வகுத்தால் சராசரி. ஆகவே சராசரி மட்டும் தெரிந்தால், ஒருவர் ரன்னைக் கட்டிப்போட்டு அதைப் பெற்றாரா, அடுத்தடுத்து விக்கெட் சாய்த்துப் பெற்றாரா என்று சொல்ல முடியாது.

ஐந்து ஆட்டச் சராசரியை வைத்துத் தரவரிசை போடுவதும் எனக்குச் சம்மதமில்லை. அந்த 16.6 காரருக்கு ஒரு கேட்ச் கூடுதலாகப் பிடிபட்டிருந்தால் சராசரி 16.88, ஒன்று நழுவியிருந்தால் 22.50. ஒரு சிக்ஸர் கூடுதலாகப் போயிருந்தால் எகானமி 7.94-இலிருந்து 8.29-க்குத்தான் நகரும். விக்கெட் எண்ணிக்கை ஒற்றை இலக்கத்தில் இருக்கும்வரை எகானமிதான் கொஞ்சமாவது நின்று பேசும். அதையும், அவர் பவர்பிளேயில் போட்டாரா கடைசி ஓவர்களில் போட்டாரா என்று பார்த்துவிட்டே படிக்க வேண்டும்.

கடைசியாக, எந்த ரன் பந்துவீச்சாளர் தலையில் விழுகிறது என்பது. வைடும் நோ-பாலும் அவர் கணக்கு; ஆனால் ஓவரின் ஆறு பந்தில் அவை சேராது. அதனால் ரன் ஏறும், பந்து எண்ணிக்கை ஏறாது. பை, லெக்-பை, ஐந்து ரன் அபராதம் ஆகியவை அவரைச் சேராதவை. ரன் அவுட்டும் அவர் விக்கெட் அல்ல. ஸ்டம்பிங் அவருடையது, வைடில் நடந்தாலும் கூட. அச்சுக்குப் போகுமுன் பந்துவீச்சாளர்கள் கொடுத்த ரன்களைக் கூட்டி, அதோடு பை, லெக்-பை, அபராத ரன்களைச் சேர்த்துப் பாருங்கள். அணியின் மொத்தம் வர வேண்டும். 155 ரன், பை 3, லெக்-பை 6 என்றால் ஸ்கோர் 164. வராவிட்டால் பெரும்பாலும் லெக்-பை யாரோ ஒருவர் கணக்கில் ஏறியிருக்கும், அல்லது ஒரு வைடு விட்டுப்போயிருக்கும்.

அடுத்த இதழில் திருத்தம் வெளியிடும்போது, ஓவருக்குப் பக்கத்தில் பந்துகளுக்கு என்று ஒரு நெடுவரிசை சேர்க்க வேண்டுகிறேன். சந்தேகம் வரும் வாசகர் தானே வகுத்துப் பார்த்துக்கொள்வார்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்