மனுப் போடுகிறேன், மச்சான்

கோண்டாவில்,
ஞாயிறு மாலை

அன்புள்ள மச்சான்,

இங்கே எல்லோரும் சுகம். அம்மாவுக்கு முழங்கால் வலி மழைக்குக் கூடி, வெயிலுக்குக் குறைகிறது. நெட்டையன் கடைசியில் கலியாணத்துக்குச் சம்மதித்துவிட்டான். பெண்ணுக்கு அந்தச் சைக்கிள் கதை தெரியாது. நீ வந்து சொல்லித் துலைக்காதே.

உன்னோடு படித்துப் பிறகு கட்டட ஒப்பந்தத்துக்குப் போனவர், யாழ்ப்பாணத்தில் ஒரு மூன்று மாடி வேலைக்கு சைட் சுப்பவைசர் தேடுகிறாராம். நான் மனுப் போடப் போகிறேன். சிரிக்காதே. பொறியியல் படித்தவன் சுப்பவைசர் வேலைக்குப் போவதா என்று சின்னம்மா ஏற்கெனவே ஒரு நாள் முழுக்கக் கேட்டு முடித்துவிட்டா. கந்தோரில் இருந்து பில் சரிபார்த்துச் சலித்துவிட்டது, மச்சான். கொங்கிறீட் போடுகிற நாளில் அந்த இடத்தில் நிற்பவன்தான் கட்டடம் கட்டுகிறான். மற்றவர்கள் எல்லாம் அதைப் பற்றிக் கடிதம் எழுதுகிறார்கள்.

மனுவில் மூன்று விஷயம் எழுதச் சொல்கிறார்கள்: வரைபடம் வாசிப்பது, பாதுகாப்பு, ஆட்களை நடத்துவது. மூன்றுக்கும் என்னிடம் ஒரே கதைதான் இருக்கிறது. போன வருடம் கட்டிய வீட்டு மேல்மாடி பல்கனி. நீ கணக்குப் படித்தவன், பொறுமையாகக் கேள்.

சுவரிலிருந்து நாலடி வெளியே நீட்டிய தட்டு, ஆறங்குலக் கனம். வெளிப்பக்கம் தூண் இல்லை. வரைபடத்தில் அதன் பிரதான கம்பிக்கு 12 மில்லிமீற்றர், 150 இடைவெளி என்ற குறிப்பு. குறிப்பில் இரண்டு இடத்தில் 'டி' இருக்கும். நடுவில் வருவது கம்பியின் தரம். கடைசியில் 'டி-1' என்று வருவதுதான் இடம்: தட்டின் மேல்பக்கம், மேலேயே முதல் வரிசை. பக்கத்து அறைத் தட்டின் குறிப்பு 'பி-1' என்று முடியும், அது அடிப்பக்கம். அவசரத்தில் பார்ப்பவனுக்கு இரண்டும் ஒரே வரிதான்.

கொங்கிறீட்டுக்கு முதல்நாள் பின்னேரம் போய்ப் பார்த்தால், அறைக்குக் கட்டியதுபோலவே பல்கனிக்கும் கம்பி அடியில் கிடக்கிறது. ஒழுங்கான இடைவெளி, இறுக்கமான கட்டு, கம்பி பலகையில் ஒட்டாமல் தூக்கிப் பிடிக்கிற கவர் புளொக் எல்லாம் அச்சொட்டாக இருக்கின்றன. பார்க்க வடிவு. ஆனால் இரண்டு பக்கமும் சுவரில் இருக்கிற தட்டுத்தான் நடுவில் தொய்ந்து அடியில் விரியும். நீட்டித் தொங்குகிற தட்டு நுனியில் பாரம் வந்தால் சுவரோரம் மேல்பக்கம்தான் விரியும். அங்கே கம்பி இல்லையென்றால் கொங்கிறீட் தனியாக இழுவை தாங்காது. அடியில் தாங்குகிற பலகையையும் முட்டையும் கழற்றும்வரை ஒன்றும் தெரியாது. கழற்றும்போது மொத்தமாகக் கீழே வரும், அதுவும் கழற்றுகிறவன் தலையில்.

கம்பி கட்டியவர் என் அப்பா வயதுக்காரர். அவருடைய பொடியன்களுக்கு முன்னால் "பிழை" என்று சொன்னால் அடுத்த நாள் ஒருத்தரும் வர மாட்டார்கள். தேத்தண்ணி குடிக்கக் கூப்பிட்டு வரைபடத்தை விரித்தேன். அவர் வரைபடத்தைப் பார்க்கவில்லை, என் முகத்தைத்தான் பார்த்தார். பிறகு ஒரு பழைய றப்பர் செருப்பை எடுத்து, மேல்பக்கம் பிளேட்டால் ஒரு கீறு கீறி, மேசை விளிம்பில் பாதியை வெளியே நீட்டிப் பிடித்து, நுனியை அமத்தினேன். கீறு வாய் பிளந்தது. திருப்பிப் போட்டு அமத்தினேன், கீறு மூடிக்கொண்டது. மனிதர் செருப்பை என்னிடமிருந்து வாங்கித் தானே இரண்டு தரம் அமத்திப் பார்த்தார். "ஓம் தம்பி, கழற்றுவம்" என்றார்.

இதோடு முடிந்தது என்று நினைக்காதே. அவருக்குக் கூலி கிலோக் கணக்கு. கழற்றித் திரும்பக் கட்டுகிற நேரத்துக்குக் காசில்லை. இந்த இடத்தில்தான் பல சைட்டுகளில் சண்டை பிடிக்கிறார்கள், அல்லது ஆள் தலையாட்டிவிட்டு இருட்டினதும் அரைகுறையாகச் செய்துவிட்டுப் போகிறான். அந்த அரைநாளுக்கு எல்லோருக்கும் நாட்கூலி போட உரிமையாளரிடம் கதைத்து வாங்கினேன். அவர் முணுமுணுத்தார். பல்கனி விழுந்தால் எவ்வளவு என்று கேட்டேன், தந்தார்.

மேலே கட்டினால் மட்டும் போதாது. கொங்கிறீட் நாளில் வாளியோடு வருகிறவன் கம்பியில்தான் மிதிப்பான். இரண்டு அங்குலம் கீழே இறங்கினால், கணக்குப் போட்டுப் பார், தட்டின் பலத்தில் பாதிக்குச் சற்று மேல்தான் மிஞ்சும். வெளியிலிருந்து பார்த்தால் அதே பல்கனி. அதனால் கம்பிக்குக் கீழே வளைத்த கம்பிக் கால்களை நெருக்கமாக வைத்து, நடக்கப் பலகை போட்டு, ஒரு பொடியனை வேறு வேலை தராமல் கம்பியின் உயரத்தை அளக்கவும் தூக்கிவிடவும் மட்டும் நிறுத்தினேன். எல்லோரும் அவனைப் பகிடி பண்ணினார்கள். பின்னேரம் அவனுக்குத்தான் முதுகு நொந்தது.

இப்போது என் கவலைக்கு வருகிறேன். மனுவில் விபத்து உண்டா என்று ஒரு வரி. ஆஸ்பத்திரிக்குப் போகிற அளவுக்கு என் சைட்டில் ஒருவருக்கும் அடிபட்டதில்லை, அதை எழுதலாம். ஆனால் என்னிடம் ஒரு கொப்பி இருக்கிறதல்லவா, நடக்காமல் தப்பியதையெல்லாம் எழுதுகிற கொப்பி. சாரத்துப் பலகை ஒன்றின் நுனி முட்டுக்கு அப்பால் ஒன்றரை அடி நீட்டியிருந்தது. ஒன்றரை அங்குலப் பலகை ஆறு அங்குலத்துக்கு மேல் நீட்டக்கூடாது. நுனியில் ஒருவன் கால் வைக்க மறுபக்கம் எழும்பியது, அவன் கம்பத்தைப் பிடித்துக்கொண்டான். அதே பல்கனியில் முட்டுக் கழற்றுகிற நாள், பொடியன்கள் நிழல் என்று சுவர்ப்பக்கத்திலிருந்து தொடங்கிவிட்டார்கள். வெளி நுனியில் முட்டு நிற்கும்போது உள்முட்டை எடுத்தால் தட்டு சுவருக்கும் முட்டுக்கும் நடுவில் தொய்யும், இந்த முறை அடிப்பக்கம் விரியும். அங்கே பெரிய கம்பி இல்லை. எப்போதும் நுனியிலிருந்து சுவரை நோக்கித்தான் கழற்ற வேண்டும். இரண்டாவது முட்டில் கை வைக்கும்போது நிறுத்தினேன்.

பழைய முதலாளி ஒருவர் இந்தக் கொப்பியைப் பார்த்துவிட்டு, "இதை வெளியாருக்குக் காட்டாதே, எங்கள் சைட் ஆபத்தான சைட் மாதிரித் தெரியும்" என்றார். எனக்கு அது விளங்கவே இல்லை. எழுதாதவனுடைய சைட்டில் பலகை நீட்டாதா? பொடியன்கள் தாங்களாக வந்து "அண்ணை, இன்றைக்கு இப்படி நடந்தது" என்று சொல்வதே, சொன்னால் கூலி வெட்ட மாட்டேன் என்று தெரிந்தபடியால்தான். ஒரு தரம் வெட்டியிருந்தால் கொப்பி வெறுமையாகவும் சைட் பழையபடியும் இருந்திருக்கும்.

ஆனாலும் வேலை தருகிறவர் எப்படி எடுப்பார்? கொப்பியின் சில பக்கத்தைப் படியெடுத்து மனுவோடு வைக்கலாமா, அல்லது நேரில் கூப்பிட்டால் கொண்டுபோய்க் காட்டலாமா? அந்த மனிதரை உனக்குத் தெரியும். பத்தாம் வகுப்பிலேயே விடைத்தாளைத் திரும்ப வாசிக்கிற ஆளா, எழுதினவுடன் குடுத்துவிட்டு ஓடுகிற ஆளா என்று யோசித்துச் சொல். திரும்ப வாசிக்கிற ஆள் என்றால் கொப்பியை வைக்கிறேன். ஓடுகிற ஆள் என்றால் எனக்கு அந்த வேலை வேண்டுமா என்றே யோசிக்க வேண்டும்.

சம்பளத்தைப் பற்றி நீ ஒன்றும் கதைக்காதே, உனக்குப் பேரம் பேசத் தெரியாது. புதன்கிழமைக்குள் போன் எடு. ஏழு மணிக்குப் பிறகு எடு, அதற்கு முதல் அம்மா எடுத்தால் முழங்கால் கதை முழுக்கக் கேட்க வேண்டி வரும்.

உன் மச்சான்