எப்போதும் முன்னால் வருவதெல்லாம் காரணம் ஆகாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த காரண காரியம் பற்றிய கட்டுரை, 'ஒன்றை அடுத்து இன்னொன்று எப்போதும் நிகழ்கிறது' என்பதையும் 'ஒன்று நிகழாதிருந்தால் இன்னொன்றும் நிகழ்ந்திராது' என்பதையும் ஒரே கருத்தாகவே நடத்துகிறது. கட்டுரையாளரை மட்டும் குறை சொல்ல முடியாது. 1748இல் ஸ்காட்லாந்துத் தத்துவவாதி டேவிட் ஹியூமே முதலாவதைச் சொல்லிவிட்டு, 'வேறு சொற்களில் சொன்னால்' என்று இரண்டாவதைச் சேர்த்தார். ஆனால் இரண்டும் வெவ்வேறு. எங்கே பிரிகின்றன என்பதை வாசகர்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்றே இதை எழுதுகிறேன்.

முதல் கருத்து உதவாதது அல்ல. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையை அது சரியாகவே தள்ளிவிடும். காக்கை உட்காரும்போதெல்லாம் பழம் விழுவதில்லை; ஆகவே காக்கை காரணம் இல்லை. ஒரு தடவை நேர்ந்த தற்செயலைக் கழிக்க இது போதும். ஆனால் ஒவ்வொரு தடவையும் தவறாமல் சேர்ந்தே வரும் இரண்டு நிகழ்ச்சிகளிடம் அது திணறிப்போகிறது.

தானியங்கி ரயில்வே கேட்டைப் பாருங்கள். தூரத்தில் வரும் ரயில் தண்டவாளத்து உணர்கருவியைக் கடந்ததும் மணி அடிக்கிறது, கேட் இறங்குகிறது, சிறிது நேரத்தில் ரயில் அந்த இடத்தைக் கடக்கிறது. தினமும் இதே வரிசைதான். முதல் கருத்தின்படி, கேட் மூடுவதுதான் ரயிலை வரவழைக்கிறது என்றாகிவிடும். இரண்டாவது கருத்தோ வேறு கேள்வி கேட்கிறது: கேட் மூடாதிருந்தால் ரயில் வராதா? வந்திருக்கும். அப்படியானால் கேட் காரணம் இல்லை. இரண்டுக்கும் பொதுவான காரணம் பின்னால் இருக்கிறது: ரயில் உணர்கருவியைத் தாண்டியது.

இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். 'கேட் மூடவில்லை என்றால் ரயில் வரவில்லை என்றுதானே அர்த்தம்? அப்போது ரயில் கடந்திருக்காதே?' என்பார்கள். இது விளைவிலிருந்து பின்னோக்கிப் போய்க் காரணத்தை மாற்றிவிடும் கணக்கு; அடையாளத்தைப் படிப்பதற்கு உதவும், காரணத்தைச் சோதிக்க உதவாது. 1973இல் அமெரிக்கத் தத்துவவாதி டேவிட் லூயிஸ் முன்வைத்த முறையில் இதற்கு இடமில்லை. கேட் இறங்கவேண்டிய கணத்துக்குச் சற்று முன்புவரை நடந்ததையெல்லாம் அப்படியே வைத்துக்கொள்ள வேண்டும். ரயில் தண்டவாளத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது, மணியும் அடித்தாயிற்று. கேட்டின் மோட்டார் மட்டும் அந்தக் கணத்தில் இயங்கவில்லை என்று வைத்து, மீதியை இயற்கை விதிகளின்படி ஓடவிட வேண்டும். ரயில் வந்தே தீரும்.

இரண்டாவது கருத்துக்கும் சிக்கல் உண்டு. கட்டுரை அதைத் தொடவே இல்லை. வீட்டில் கரண்ட் இருக்கிறது, விளக்கு எரிகிறது. எரியக் காரணம் கரண்ட்தான். ஆனால் கரண்ட் இல்லாதிருந்தால் இன்வெர்ட்டர் விளக்கை எரியவைத்திருக்கும். 'அது இல்லாவிட்டால் இது இல்லை' என்ற சோதனையில் கரண்ட் தோற்றுவிடுகிறது!

லூயிஸின் விடை, நேரடிச் சார்பை மட்டும் பார்க்காமல் கண்ணி கண்ணியாகப் போவது. இன்வெர்ட்டருக்குள் ரிலே என்ற தானியங்கிச் சுவிட்ச் ஒன்று இருக்கிறது. கரண்ட் இருக்கும்வரை அதன் தொடுமுனை வழியாகக் கரண்ட் நேரே விளக்குக்குப் போகிறது, பேட்டரிப் பக்கம் சும்மா இருக்கிறது. வெளியிலிருந்து கரண்ட் வராதிருந்தால் அந்தத் தொடுமுனையில் எதுவும் ஓடியிராது. இது முதல் கண்ணி. இரண்டாவது, தொடுமுனையில் அந்தக் கணம் மின்னோட்டம் இல்லாதிருந்தால் விளக்கு எரியுமா? எரியாது. வாசலில் கரண்ட் வந்துகொண்டிருப்பதால் இன்வெர்ட்டர் விழித்துக்கொள்ளாது. தொடுமுனை கருகிப்போன இன்வெர்ட்டர்களில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம்: கரண்ட் போனால் விளக்கு எரியும், வந்தால் அணையும். முதல் கண்ணியும் இரண்டாவதும் சேர்ந்ததால் கரண்ட் காரணம் ஆகிறது. பேட்டரியிலிருந்து விளக்குக்கு அப்படியொரு கண்ணித்தொடர் இல்லை.

எல்லா இடத்திலும் இது கைகொடுக்காது. இருவர் ஒரு கண்ணாடிப் புட்டியின் மீது கல் எறிகிறார்கள். ஒரு கல் முந்திப் பட்டு உடைக்கிறது, மற்றது புட்டி இருந்த வெற்றிடத்தைக் கடந்து போகிறது. இங்கே இரண்டாவது கல்லை யாரும் தடுக்கவில்லை. முதல் கல் பாதி வழியில் மறைந்திருந்தாலும் புட்டி உடைந்திருக்கும். அறுக்கக்கூடிய கண்ணி எதுவும் கிடைப்பதில்லை. இதற்காக 2000இல் லூயிஸ் தம் கொள்கையைத் திருத்தினார். உடைந்ததா இல்லையா என்பதோடு நிற்காமல், எறிதலைச் சற்றே மாற்றினால் உடைவதன் நேரமும் விதமும் மாறுகின்றனவா என்று கேட்கச் சொன்னார். முதல் கல்லைக் கொஞ்சம் தாமதமாகவோ கனமாகவோ எறிந்தால் உடைவதும் மாறும். இரண்டாவதில் அப்படி எதுவும் மாறாது. ஆயினும் விளைவை ஒரு துளி மாற்றும் எதுவும் காரணமாகிவிடுமே என்ற ஆட்சேபம் எழுந்தது. என் பார்வையில் அது வலுவான ஆட்சேபம்தான்.

தொடரின் அடுத்த பகுதியில் கட்டுரையாளர் இந்த இரு கல் சிக்கலை எடுத்துக்கொண்டு, தாம் எந்தப் பக்கம் என்று விளக்கினால் நன்றாக இருக்கும்.

இப்படிக்கு,
தத்துவம் பயிற்றும் வாசகர் ஒருவர்