பள்ளிக் குழந்தைப் பாதுகாப்புக் கொள்கையின் எளிய தமிழ்ச் சுருக்கத்தைப் பணியாளர்களுக்கும் பெற்றோருக்கும் வழங்கக் கோரும் மனு

அனுப்புநர்
செயலாளர், பெற்றோர் ஆசிரியர் கழகம்
(பள்ளியின் பெயரும் முகவரியும் தனி உறையில் இணைக்கப்பட்டுள்ளன)

பெறுநர்
உயர்திரு முதன்மைக் கல்வி அலுவலர் அவர்கள்
முதன்மைக் கல்வி அலுவலகம்

பொருள்: தனியார் பள்ளிகளின் குழந்தைப் பாதுகாப்புக் கொள்கையை இரண்டு பக்க எளிய தமிழ்ச் சுருக்கமாக வெளியிட உத்தரவிடக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

எங்கள் பள்ளியில் இந்தக் கல்வியாண்டின் தொடக்கத்தில், ‘குழந்தைப் பாதுகாப்புக் கொள்கை’ என்ற தலைப்பில் 36 பக்க ஆங்கில ஆவணம் ஒன்று பணியாளர் அனைவருக்கும் தரப்பட்டு, அதன் கடைசிப் பக்கத்தில் கையெழுத்து வாங்கப்பட்டது. எல்.கே.ஜி. குழந்தைகளைக் கழிவறைக்கு அழைத்துச் செல்லும் ஆயா ஒருவர், கையெழுத்துப் போட்ட பிறகு அந்தத் தாளை என்னிடம் கொண்டுவந்து, “சார், இது பி.எஃப். பாரமா?” என்று கேட்டார். தமிழை எழுத்துக்கூட்டி வாசிக்கக்கூடியவர் அவர், ஆங்கிலம் அறியாதவர். பள்ளியின் கோப்பிலோ, கொள்கையை ‘படித்துப் புரிந்துகொண்டவர்’ பட்டியலில் அவர் பெயரும் இருக்கிறது.

ஆயாவை விடுங்கள், ஆங்கிலம் நன்கறிந்த ஆசிரியர்களுக்கும் அந்த ஆவணம் உதவாது என்பதே என் முதன்மையான முறையீடு. குழந்தையின் பாதுகாப்பு பற்றி ஐயம் எழுந்தால் அது ‘உரிய அதிகாரத்துக்குத் தெரிவிக்கப்படும்’ என்று அதில் ஒரு வாக்கியம் வருகிறது. தெரிவிக்க வேண்டியவர் யார், யாரிடம் தெரிவிப்பது, எவ்வளவு நேரத்துக்குள் என்ற மூன்றுக்கும் அந்த வாக்கியத்தில் விடை இல்லை. அடுத்த பக்கத்துக் கட்டப் படத்தில் வகுப்பாசிரியரிடமிருந்து ஒருங்கிணைப்பாளர், தலைமையாசிரியர், குழு, தாளாளர் என்று அம்புக்குறிகள் ஏறிப்போய், கடைசிக் கட்டத்தில் ‘தேவைப்பட்டால் காவல்துறை’ என்று முடிகின்றன. அந்தத் ‘தேவைப்பட்டால்’ என்ற ஒரு சொல் சட்டத்துக்கு நேர் எதிரானது.

2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டம், பிரிவு 19-இல், பதினெட்டு வயது நிறையாத ஆணோ பெண்ணோ எந்தக் குழந்தைக்கும் பாலியல் குற்றம் நடந்ததாக அறிந்தவரும், நடக்கக்கூடும் என்று அஞ்சுபவரும், உள்ளூர்க் காவல் நிலையத்துக்கோ சிறப்புச் சிறார் காவல் பிரிவுக்கோ தகவல் தர வேண்டும் என்கிறது. இந்தக் கடமை அறிந்தவருடையது. அவருடைய மேலதிகாரிக்கு மட்டும் உரியது அன்று. தகவல் தராதவருக்கு ஆறு மாதம் வரை சிறையோ அபராதமோ இரண்டுமோ விதிக்கப் பிரிவு 21 இடம் தருகிறது. நிறுவனத்தின் பொறுப்பில் இருப்பவர், தமக்குக் கீழ்ப் பணிபுரிபவரின் குற்றத்தைத் தெரிவிக்காவிட்டால் ஓராண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு. ‘தலைமையாசிரியரிடம் சொல்லிவிட்டேன்’ என்பது ஆசிரியரின் மனச்சுமையைக் குறைக்கலாம். காவல் நிலையத்துக்குத் தகவல் போகாத வரை அவருடைய கடமை முடிவதில்லை.

இது வெறும் ஏட்டுச் சட்டம் என்று எண்ணுவோருக்காக ஒரு வழக்கைக் குறிப்பிடுகிறேன். மகாராஷ்டிர மாநிலம் சந்திராபூர் மாவட்டத்தில் ஒரு பள்ளி விடுதியின் சிறுமிகளுக்கு மருத்துவம் பார்த்துவந்த மருத்துவர், அவர்களுக்கு நேர்ந்ததை அறிந்தும் தகவல் தரவில்லை என்று குற்றம் சாட்டப்பட்டார். உயர் நீதிமன்றம் அவர் மீதான வழக்கை ரத்து செய்தது. உச்ச நீதிமன்றம் 2022 நவம்பரில் அந்த ரத்தை நீக்கி, அறிந்தும் தெரிவிக்காமல் இருப்பது கடுமையான குற்றம் என்று கூறியது. அவர் அந்தப் பள்ளியின் ஆசிரியரும் அல்லர், விடுதிக் காப்பாளரும் அல்லர்.

சுருக்கத்தில் இடம்பெற வேண்டியது எது என்பதை விளக்க, கற்பனையான ஒரு நிகழ்வை எடுத்துக்கொள்கிறேன். ஆறாம் வகுப்பு மாணவன் ஒருவன் மதிய உணவு இடைவேளையில், 12.40 மணிக்கு, தமிழாசிரியையிடம் வந்து, “வேன்ல முன் சீட்டுல உக்கார மாட்டேன் மிஸ், டிரைவர் அண்ணன் கை வைக்கிறாரு, யாருகிட்டயும் சொல்லிடாதீங்க” என்கிறான். இப்போதைய கட்டப் படத்தின்படி நடந்தால் ஆசிரியை ஒருங்கிணைப்பாளரிடம் சொல்வார். அவர் பையனை அழைத்து மறுபடி கேட்பார். தலைமையாசிரியர் மூன்றாம் முறை கேட்பார். ஓட்டுநரைக் கூப்பிட்டு விசாரிப்பார்கள், அவர் மறுப்பார். நான்காம் முறையாகப் பையன் ஏழெட்டுப் பெரியவர்கள் அமர்ந்த குழுவின் முன் நிற்பான். ஒவ்வொரு முறையும் கேள்வி மாறுவதால் பதிலும் சற்று மாறும். மாதங்கள் கழித்து நீதிமன்றத்தில், அந்த மாற்றங்களையே முரண்பாடு என்று எதிர்த்தரப்பு எடுத்துக்காட்டும். இதற்கிடையில் அன்று மாலை அவன் அதே வேனில்தான் வீடு திரும்பியிருப்பான்.

சரியாக நடந்தால் ஆசிரியை அவனைக் கூட்டத்திலிருந்து சற்று விலக்கி, பிறர் பார்வையில் படும் இடத்தில் உட்காரவைத்து, “என்ன நடந்தது, உனக்கு வருகிற மாதிரி சொல்” என்று மட்டும் கேட்பார். “இங்கே தொட்டாரா, அங்கே தொட்டாரா” என்று விடையைக் கேள்விக்குள் வைக்க மாட்டார். யாரிடமும் சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுக்கவும் மாட்டார். உன்னைக் காப்பாற்ற வேண்டியவர்களிடம் மட்டும் சொல்வேன், யாரிடம் என்பதை உன்னிடம் முன்பே சொல்வேன் என்பார். பிறகு அவன் சொன்னதை அவன் சொற்களிலேயே, தேதியும் நேரமும் இட்டு எழுதிக் கையொப்பமிடுவார். தலைமையாசிரியருக்குத் தெரிவித்து, அவர் முன்னிலையிலேயே காவல் நிலையத்தை அழைப்பார். தலைமையாசிரியர் தயங்கினால் தாமே அழைப்பார். 1098 என்ற குழந்தைகள் உதவி எண் வழிகாட்டும், உடன் நிற்கும். ஆனால் சட்டம் குறிப்பிடுவது காவல்துறையையே. பெற்றோருக்குச் சொல்லி, மாலை அவர்களே வந்து அழைத்துச் செல்லும்படி செய்வார். குற்றம் சாட்டப்படுபவர் வீட்டாரில் ஒருவராக இருந்தால் மட்டும், வீட்டுக்குச் சொல்வதற்கு முன் காவல்துறையையும் குழந்தைகள் நலக் குழுவையும் கலந்துகொள்வார். ஓட்டுநரிடம் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். அது புலனாய்வு செய்பவரின் வேலை.

பள்ளியின் மாணவர் பாதுகாப்பு ஆலோசனைக் குழு தேவையில்லை என்று நான் கூறவில்லை. புகார்ப் பெட்டியைத் திறப்பது, விழிப்புணர்வு வகுப்பு நடத்துவது, காவல்துறைக்குத் தகவல் போன பின் குழந்தையின் படிப்பும் அமைதியும் கெடாமல் பார்ப்பது ஆகியவை அதன் பணிகள். குற்றம் நடந்ததா இல்லையா என்று தீர்ப்பளிப்பது அதன் பணி அன்று. சில பள்ளிகளில், பணியிடத்தில் பெண்களுக்கு நேரும் பாலியல் தொல்லைக்காக 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைக்கப்பட்ட உள்ளகப் புகார்க் குழுவிடமே குழந்தைகளின் புகாரையும் ஒப்படைக்கிறார்கள். அங்கே சமரசத்துக்கு வழி உண்டு. போக்சோ குற்றத்தில் கிடையாது.

பெற்றோருக்கான பக்கத்தை நாங்கள் இவ்வாறு எழுதிப் பார்த்திருக்கிறோம்:

“உங்கள் குழந்தையின் வாக்குமூலத்தை வீட்டிலோ குழந்தை விரும்பும் இடத்திலோ பதிவுசெய்வார்கள். கூடியவரை உதவி ஆய்வாளர் நிலைக்குக் குறையாத பெண் அதிகாரி, சீருடை இல்லாமல் வருவார். நீங்களோ குழந்தை நம்பும் வேறொருவரோ உடன் இருக்கலாம். இரவில் குழந்தையைக் காவல் நிலையத்தில் வைத்திருக்கக் கூடாது. வழக்குப் பதிவாகவில்லை என்று காரணம் சொல்லி மருத்துவமனை பரிசோதனையை மறுக்க முடியாது. பெண் குழந்தையைப் பெண் மருத்துவரே பரிசோதிப்பார். காவல்துறை 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவுக்கும் சிறப்பு நீதிமன்றத்துக்கும் தெரிவிக்க வேண்டும். குழந்தையின் பெயர், படம், வீடு, பள்ளி, தெரு என அடையாளம் காட்டும் எதையும் வாட்ஸ்அப் குழுவில் பகிராதீர்கள். ஆறுதல் சொல்வதற்காகக்கூட வேண்டாம்.”

ஆசிரியர்கள் வாய்விட்டுச் சொல்லாத அச்சம் ஒன்று உண்டு: புகார் பொய்யாகிப்போனால் நம்மைப் பிடிப்பார்களோ என்பது. நல்லெண்ணத்தோடு தகவல் தருபவர் மீது உரிமையியல் வழக்கோ குற்ற வழக்கோ வராது என்று பிரிவு 19 உறுதியளிக்கிறது. தண்டனை, வேண்டுமென்றே பொய் சொல்பவருக்கே. இந்த ஒரு வரியைப் பணியாளர் பக்கத்தின் உச்சியில் அச்சிட வேண்டும். இன்னொரு சிக்கலையும் மறைக்க விரும்பவில்லை. பதினாறு, பதினேழு வயதினர் தாமே விரும்பிப் பழகும் உறவுகளும் இதே சட்டத்துக்குள் வருவதால், ஆலோசகரிடம் மனம்விட்டுப் பேச மாணவர்கள் தயங்குகிறார்கள். அதைத் தீர்க்க ஒரு பள்ளியின் சுருக்கத்தால் ஆகாது. ஆனால் எதை ரகசியமாக வைக்க முடியாது என்பதை ஆலோசகர் பேச்சின் தொடக்கத்திலேயே சொல்லிவிடும்படி சுருக்கம் பணிக்கலாம். அடித்தல், இழிவாகப் பேசுதல் போன்ற தண்டனைகளுக்கான புகார் வழி வேறு என்பதால் அவற்றுக்கு ஒரு தனிப் பத்தி போதும்.

குழந்தையே புகார் தரும்போது, எழுதப்படுவது அதற்குப் புரியும்படி எளிய மொழியில் பதிவாக வேண்டும் என்று பிரிவு 19 காவல்துறைக்கு விதிக்கிறது. காவல் நிலையத்துக்கு உள்ள இந்தக் கடப்பாடு, குழந்தை நாள்தோறும் எட்டு மணி நேரம் இருக்கும் பள்ளிக்கு இல்லாமல் போவது பொருந்தாது.

ஆகவே, தங்கள் ஆளுகைக்கு உட்பட்ட ஒவ்வொரு தனியார் பள்ளியும் தனது கொள்கையை இரண்டு பக்கத் தமிழ்ச் சுருக்கமாக, பணியாளருக்கு ஒரு பக்கமும் பெற்றோருக்கு ஒரு பக்கமுமாக வெளியிடவும், அருகிலுள்ள காவல் நிலையத்தின் தொலைபேசி எண்ணை அதில் அச்சிடவும், ‘தேவைப்பட்டால் காவல்துறை’ போன்ற சொற்களைக் கொள்கையிலிருந்து நீக்கவும் உத்தரவிட வேண்டுகிறேன். ஆயா, வாயிற்காவலர், வேன் ஓட்டுநர், உதவியாளர் ஆகியோருக்கு அதை வாய்விட்டு வாசித்துக் காட்டி, “ஒரு குழந்தை உங்களிடம் வந்து சொன்னால் முதலில் என்ன செய்வீர்கள்?” என்று ஒவ்வொருவரையும் கேட்டு, அவர் சொன்ன விடையைக் கையெழுத்துக்குப் பதிலாகக் கோப்பில் பதிவுசெய்யவும், ஆண்டாய்வின்போது அந்தப் பதிவுகளை அலுவலர்கள் பார்வையிடவும் ஆவன செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன். இம்மனு எங்கள் பள்ளியின் மீது நடவடிக்கை கோருவது அன்று என்பதால்தான் அதன் பெயரைத் தனி உறையில் வைத்துள்ளேன்.

இப்படிக்கு,
செயலாளர், பெற்றோர் ஆசிரியர் கழகம்

இணைப்பு: இரண்டு பக்கச் சுருக்கத்தின் மாதிரி – 1, பள்ளி விவரம் கொண்ட மூடிய உறை – 1.