‘பக்கத்தை நிரப்புங்கள்’ என்ற அறிவுரை பற்றி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் தங்கள் மாணவர் இணைப்பிதழில் பத்தாம் வகுப்பு அறிவியல் பயிற்சித்தாளுக்கு மேலே, கட்டம் கட்டி, தடித்த எழுத்தில் வெளிவந்த ஒரு வரியைப் பற்றியே இக்கடிதம். “எந்த வினாவானாலும் பக்கத்தை நிரப்புங்கள்; திருத்துபவர் கை தானாக மதிப்பெண் போடும்” என்பது அந்த வரி. அந்தக் கையை வைத்துக்கொண்டு பல ஆண்டுகள் விடைத்தாள் திருத்தியவள் என்ற முறையில், அது தானாக எதையும் போட்டதாக எனக்கு நினைவில்லை என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

விடைத்தாள் திருத்தும் மையத்தில் எங்களுக்குக் காலையில் ஒரு கட்டு, மதியம் ஒரு கட்டு கொடுப்பார்கள். கட்டைப் பிரிக்கும் முன்பே விடைக்குறிப்பு கைக்கு வந்துவிடும். எந்தக் கருத்துக்கு எத்தனை மதிப்பெண், சமன்பாட்டுக்கு எத்தனை, படத்துக்கு எத்தனை என்று அதில் பிரித்திருக்கும். நாங்கள் தேடுவது அந்தக் கருத்துகளைத்தான். பணிக்குச் சேர்ந்த புதிதில், நீளத்தைப் பார்த்து மனமிளகி நான் கூட்டிப் போட்ட ஒரு மதிப்பெண்ணை முதன்மைத் தேர்வாளர் சுழித்து, “எந்தக் கருத்துக்கு இது?” என்று எல்லோருக்கும் கேட்கும்படி கேட்டார். பதில் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. தங்கள் கட்டுரையாளருக்கு அப்படி ஒரு காலை வேளை வாய்த்திருந்தால் அந்த வரியை எழுதியிருக்க மாட்டார்.

இதன் பலன் மறு ஞாயிற்றுக்கிழமையே என் வீட்டுத் திண்ணைக்கு வந்து சேர்ந்தது. ஏற்காட்டிலிருந்து பாடம் கேட்க வரும் ஒரு பெண், காப்பித் தோட்டத்துத் தொழிலாளியின் மகள், தங்கள் பயிற்சித்தாளை எழுதிக்கொண்டு வந்திருந்தாள். “பாக்சைட் எந்த உலோகத்தின் தாது? அதன் வாய்பாட்டை எழுதுக” என்பது இரண்டு மதிப்பெண் வினா. அவள் எழுதியிருந்தது இருபத்து மூன்று வரி. சேர்வராயன் மலையின் சிவந்த மண், அங்கே பாக்சைட் வெட்டியது, அது லாரியில் மலையிறங்கி மேட்டூருக்குப் போனது, அலுமினியப் பாத்திரம், ஆகாய விமானம் என எல்லாம் இருந்தன. ஒன்றுகூடப் பொய்யில்லை. Al₂O₃.2H₂O என்ற வாய்பாடு மட்டும் எங்கும் இல்லை. ‘அலுமினியம்’ என்ற சொல்லுக்கு ஒரு மதிப்பெண் போட்டேன். மீதி இருபத்திரண்டு வரிக்குப் போட என்னிடம் எதுவும் இல்லை. வினாவில் கேட்டது இரண்டு, பக்கத்தில் போட்டிருந்த எண்ணும் இரண்டு. ஒரு சொல்லும் ஒரு வாய்பாடும் போதும். விடை ஒரே வரியில் முடிந்துவிடும்.

அதற்கடுத்த வினா, “பாக்சைட்டிலிருந்து அலுமினா பெறும் முறையை விளக்குக” என்பது, நான்கு மதிப்பெண்ணுக்கு. பாக்சைட்டைத் தூளாக்கி எரிசோடாக் கரைசலுடன் உயர் அழுத்தத்தில் 150°C வெப்பநிலையில் சூடேற்றினால் சோடியம் மெட்டா அலுமினேட் கிடைக்கும் என்பது ஒரு படி. அதில் நீர் சேர்த்து நீர்க்கச் செய்தால் அலுமினியம் ஹைட்ராக்சைடு வீழ்படிவாகும் என்பது அடுத்தது. வீழ்படிவை வடிகட்டி, கழுவி, உலர்த்தி, 1000°C வெப்பநிலையில் சூடேற்ற அலுமினா கிடைக்கும் என்பது மூன்றாவது. 2Al(OH)₃ → Al₂O₃ + 3H₂O என்ற சமன்பாட்டையும் சேர்த்தால் நான்கு. ஏழெட்டு வரிக்குமேல் தேவைப்படாது. அந்தப் பெண் இதற்கு எழுதியிருந்தது, “எரிசோடாவுடன் சூடேற்றிப் பெறலாம்” என்ற ஒற்றை வரி. ஏனம்மா என்றால், “நேரமில்லை டீச்சர். முதல் கேள்வியிலேயே நிறைய எழுதிட்டேன். நிறைய எழுதினா நிறைய மார்க்னு பேப்பர்லயே போட்டிருக்கே” என்கிறாள். தாங்கள் அச்சிட்டதற்கு எதிராக நான் என்ன சொல்ல முடியும்?

நேரக் கணக்கைத் தாங்கள் அறியாதவர் அல்லர். எழுத்துத் தேர்வு 75 மதிப்பெண். எழுத மூன்று மணி நேரம். சரிபார்க்க அரை மணி ஒதுக்கிவிட்டால், மதிப்பெண் ஒன்றுக்கு இரண்டு நிமிடம். ஆக, இரண்டு மதிப்பெண் வினாவுக்கு நான்கு நிமிடம், ஏழு மதிப்பெண் வினாவுக்குப் பதினான்கு. இரண்டு மதிப்பெண்ணுக்குப் பத்து நிமிடம் கொடுத்தவள் அந்த ஆறு நிமிடத்தைக் கடைசியில் உள்ள ஏழு மதிப்பெண் வினாவிலிருந்துதான் எடுக்கிறாள். அங்கே பாதியில் நின்றுபோன விடைகளை நான் எவ்வளவோ பார்த்திருக்கிறேன். எழுத்துச் சரிந்து, கடைசி வரி மேசையை விட்டு எழுந்துகொண்டே எழுதியதுபோல் இருக்கும்.

மதிப்பெண்ணுக்கு ஒரு வரி என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதலாம் என்று நான் சொல்லவில்லை. ஓம் விதியைக் கூறுக என்றால் ஒரே வாக்கியம்தான். ஆனால் ‘மாறா வெப்பநிலையில்’ என்ற இரண்டு சொல் விடுபட்டால் அந்த வாக்கியம் குறைபட்டதே. இரண்டு வேறுபாடுகள் கேட்டால், இந்தப் பக்கம் ஒன்றைச் சொல்லி அதற்கு நேராக அந்தப் பக்கமும் சொன்னால்தான் ஒரு வேறுபாடு முழுமையாகும். பக்கத்தில் உள்ள எண்ணையும், வினா முடியும் ‘கூறுக’, ‘விளக்குக’, ‘காரணம் தருக’ என்ற சொல்லையும் சேர்த்துப் பார்த்த பிறகே பேனாவை எடுக்க வேண்டும் என்று வகுப்பில் நான் கத்திய கத்தலுக்கு இன்றும் தொண்டை வலிக்கிறது.

ஆனால் எண் இருந்தால்தானே பார்ப்பதற்கு? சென்ற ஆண்டு முழுவதும் தங்கள் பயிற்சித்தாளின் வலது ஓரத்தில் நகைக்கடை விளம்பரம் ஏறி உட்கார்ந்துகொண்டது. மதிப்பெண் எண்கள் பாதி வாரங்களில் காணவே இல்லை. அப்போதும் ஒரு கடிதம் எழுதினேன். அது வெளியாகவில்லை, இடப் பற்றாக்குறையாக இருந்திருக்கும். இந்த ஆண்டு எண்கள் திரும்பி வந்தன, மகிழ்ந்தேன். பார்த்தால், ஒரு மதிப்பெண்ணோ ஏழு மதிப்பெண்ணோ, எல்லா வினாவுக்கும் கீழே ஒரே அளவில் பத்துப் புள்ளிக் கோடுகள். கோட்டைப் பார்க்கும் பிள்ளை எண்ணைப் பார்க்காது. கோடு முடியும்வரை எழுதும். நான் கடைசியாகப் பணியாற்றிய பள்ளியிலும் இதே கதைதான். பயிற்சித்தாள் நகலெடுக்கும்போது ஓரம் வெட்டுப்பட்டு எண் போய்விடும்; கேட்டால், “பிள்ளைங்க எழுதினா சரி டீச்சர்” என்பார்கள்.

ஆகவே தங்களை வேண்டிக்கொள்வது இரண்டே. மதிப்பெண் எண்ணை விளம்பரம் மறைக்காத இடத்தில் அச்சிடுங்கள். புள்ளிக் கோடுகளை இரண்டு மதிப்பெண்ணுக்கு மூன்று, நான்குக்கு எட்டு, ஏழுக்குப் பதினைந்து என்ற அளவில் போடுங்கள், காகிதமும் மிச்சமாகும். இதற்கு இவ்வளவு நீளமான கடிதமா என்று தாங்கள் எண்ணலாம். பக்கத்தை நிரப்பச் சொன்னது தங்கள் இதழ்தான்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியை,
அஸ்தம்பட்டி, சேலம்.