லயத்துக்கு ஒரு தமிழ், கந்தோருக்கு ஒரு தமிழ்

அன்புள்ள நண்பா,

ஹட்டனில் ஒரு வாரமாக மழை. அங்கே எப்படி? தோட்டத்து வாட்ஸ்அப் குழுவுக்காக நீ எழுதிய சேமலாப நிதிப் பதிவை இரண்டு தரம் வாசித்தேன். தகவல் சரி, தமிழ்தான் ஆளுக்குப் பொருந்தவில்லை. இதைப் பல வீடுகளில் பிள்ளை வாசிக்க, கொழுந்தெடுத்துவிட்டு வந்த தாய் காதால்தான் கேட்பார். விளங்காத வரிக்கு அவரால் திரும்பிப் போக முடியாது.

உன் வரி இது: "ஊழியரின் வேதனத்திலிருந்து 8 சதவீதமும் தொழில்தருநரால் 12 சதவீதமும் பங்களிப்புச் செய்யப்படும்." 'செய்யப்படும்' என்று முடிவதால் யார் கொடுப்பது என்பது பின்னுக்குப் போய்விடுகிறது. இருபதும் சம்பளத்தில்தான் வெட்டுப்படுகிறது என்று ஒருவர் எடுத்துக்கொள்ளலாம். இப்படி மாற்றிப் பார்: "ஒங்க சம்பளத்துல நூறு ரூபாய்க்கு 8 ரூபா புடிக்கிறாங்க. அதுக்கு மேல தோட்டம் தன் காசுல 12 ரூபா போடணும். மொத்தம் 20 ரூபா ஒங்க கணக்குல சேரணும்." யார், எவ்வளவு என்பது ஒவ்வொரு வரியிலும் வந்துவிட்டது.

எல்லாவற்றையும் பேச்சுக்குக் கொண்டுவரவும் வேண்டாம். படிவத்தில் அச்சிட்டிருக்கும் சொற்களை அப்படியே விடு. 'உறுப்பினர் இலக்கம்' என்பதை 'ஈ.பி.எப். நம்பர்' என்று மட்டும் எழுதினால், தொழில் கந்தோரில் படிவத்தைப் பார்க்கிறவர் தடுமாறுவார். முதல் தரம் இரண்டையும் சேர்த்து எழுதிவிட்டால் போதும்.

'பேர்' என்ற சொல்லில் கவனமாக இரு. "ஒங்க பேர் சரியா இருக்கான்னு பாருங்க" என்று எழுதியிருக்கிறாய். தோட்டத்தில் பேர் என்றால் ஒரு நாள் வேலைக் கணக்கும்தான். அரைப்பேர் என்று சொல்கிறோமே. நீ சொல்ல வந்தது ஆளின் பெயரை. ஆகவே "அடையாள அட்டையில இருக்கிற பெயரும் சேமலாப நிதியில இருக்கிற பெயரும் ஒண்ணா இருக்கான்னு பாருங்க" என்று எழுது. இந்த இடத்தில் எழுத்துத் தமிழ்தான் குழப்பத்தைத் தீர்க்கிறது.

எழுத்துக்கூட்டலில் பெரும்பாலும் விகுதியைப் பேச்சுக்கு மாற்றினால் போதும்: 'போடணும்', 'பாருங்க', 'சம்பளத்துல'. 'வந்தாக', 'அவுக' என்று ஒரு டிவிசனின் உச்சரிப்பை அப்படியே இறக்கினால் வாசிக்கும் பிள்ளை எழுத்துக்கூட்டித் திணறும், கேட்கிறவருக்கும் நம்மைக் கேலி செய்கிறார்களோ என்று படும். அது எனக்குப் பொறுக்காது. ஒரே வரியில் 'நீங்கள் செல்லணும்' என்று இரண்டையும் கலப்பதும் காதில் இடறும்.

தொழில் கந்தோருக்கு அனுப்பும் பிரதியில் உன் பழைய நடையே இருக்கட்டும். அங்கே அதுதான் எடுபடும். ஆனால் 'தொழில்தருநர் 12 சதவீதம் செலுத்த வேண்டும்' என்று எழுவாயை மட்டும் முன்னுக்குக் கொண்டுவா.

திருத்தியதை யாராவது ஒரு பிள்ளையைச் சத்தமாக வாசிக்கச் சொல்லிக் கேள். மூச்சு முட்டுகிற இடத்தில் வரியை இரண்டாக உடை. ஞாயிறுக்கு முன் எனக்கும் அனுப்பு, குழுவில் போடும் முன் இன்னொரு தரம் பார்த்துத் தருகிறேன்.

அன்புடன்,
உன் நண்பன்