கடைசி வாங்குக்கும் தெரியும் எழுத்துப் படம்: வலயக் கல்விப் பணிப்பாளருக்கு ஒரு கோரிக்கை மனு

வலயக் கல்விப் பணிப்பாளர் அவர்கட்கு,
பாடசாலை அதிபர் ஊடாக.

விடயம்: தரம் 1, 2 வகுப்பறைகளில் கடைசி வாங்கில் இருந்து வாசிக்கக்கூடிய எழுத்துப் படம் அமைக்க அனுமதியும் பொருளுதவியும் கோரல்

மதிப்புக்குரிய ஐயா,

நான் வன்னியின் குளக்கரைக் கிராமம் ஒன்றில் இருக்கிறேன். கடைகளுக்கும் கோயில்களுக்கும் பெயர்ப்பலகை எழுதுவது என் தொழில். என் மகள் எங்கள் ஊர்ப் பாடசாலையில் தரம் 2இல் படிக்கிறாள். அவளுக்குக் கடைசி வாங்கில்தான் இடம்.

வீட்டில் வாசிக்கும்போது "மணம்" என்பதை அவள் "மனம்" என்றாள். "ஏணி"யை "எனி" என்றாள். முதலில் விளையாட்டுத்தனம் என்று நினைத்தேன். பெற்றோர் கூட்டத்துக்குப் போன அன்று அவளுடைய இடத்தில் நானே இருந்து பார்த்தேன். கரும்பலகைக்குப் பக்கத்தில் தொங்கும் எழுத்துப் படத்தில் ண எது, ன எது என்று எனக்கே பிரித்துப் பார்க்க முடியவில்லை. எழுத்தை வைத்துப் பிழைக்கிறவன் என்பதால் மறுநாள் அதிபரிடம் கேட்டு அளவுநாடாவோடு போனேன்.

கடைசி வாங்கில் இருந்து அந்தப் படம் 22 அடி தூரம். படம் 20 அங்குல அகலம், 30 அங்குல உயரம். தமிழின் 247 எழுத்தும் அந்த ஒரே தாளில் இருக்கின்றன. குறுக்கே 13 கட்டம் போட்டால் ஒரு கட்டத்துக்கு ஒன்றரை அங்குலம் கிடைக்கும். அந்தக் கட்டத்துக்குள் "ணௌ" போல மூன்று துண்டாக வரும் எழுத்தும் அடங்க வேண்டும் என்பதால் எழுத்தின் உயரம் 9 மில்லிமீற்றராகச் சுருங்கிவிட்டது. கண் பரிசோதனைப் பலகையில் நல்ல பார்வை உள்ளவர் 6 மீற்றரில் வாசிக்க வேண்டிய வரியின் எழுத்தும் ஏறத்தாழ அதே 9 மில்லிமீற்றர்தான். ஆனால் அது கண்ணின் எல்லையைச் சோதிக்கும் வரி. அதுவும் ஆங்கிலப் பெரிய எழுத்து, கோடுகள் குறைவு. எங்கள் ண-வில் மூன்று சுழி, ன-வில் இரண்டு. எ-வுக்கும் ஏ-க்கும் கீழே ஒரு சிறு சாய்கோடு மட்டுமே வித்தியாசம். க-வுக்கும் க்-க்கும் ஒரு புள்ளி. கண்ணின் எல்லையில் நிற்கும் எழுத்தில் முதலில் மறைவது இந்தச் சுழியும் கோடும் புள்ளியும்தான்.

இது இவ்வளவு நாளும் ஏன் ஒருவரின் கண்ணிலும் படவில்லை என்று யோசித்தேன். ஆசிரியை பிரம்பால் அ, ஆ, இ என்று வரிசையாகத் தொட்டுப் போகும்போது கடைசி வாங்குப் பிள்ளைகளும் பிழையில்லாமல் சொல்கிறார்கள். அவர்கள் வாசிக்கவில்லை, வரிசை மனப்பாடம். ஆசிரியையைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை, 31 பிள்ளைகள் ஒரே குரலில் சொல்லும்போது யாருக்கும் அது தெரியாது. அவருடைய சம்மதத்தோடு ஒரு மட்டையில் ஓட்டை வெட்டி, ஒரு நேரத்தில் ஓர் எழுத்து மட்டும் தெரியும்படி படத்தின் மேல் பிடித்தோம். வரிசை மாற்றி ண, ஏ, ந, ள, ஓ, ன என்று கேட்டோம். கடைசி வாங்கின் ஐந்து பிள்ளைகளும் தடுமாறினார்கள். அதே பிள்ளைகளை முன்னால் கூட்டி வந்து கேட்டபோது நான்கு பேர் உடனே சொன்னார்கள். ஐந்தாவது பிள்ளைக்கு முன்னாலும் சரியாகத் தெரியவில்லை. அவரைக் கண் சிகிச்சைப் பிரிவுக்குக் காட்டும்படி ஆசிரியை தாயாரிடம் சொல்லியிருக்கிறார். படம் பெரிதானால் அந்தப் பிள்ளையின் குறை தீராது, அது வேறு விடயம். மற்ற நால்வருக்கும் கண்ணில் குறை இல்லை, எழுத்தின் அளவில்தான் குறை.

படத்தில் இன்னும் இரண்டு பிழை இருக்கிறது. மெய்யெழுத்துப் புள்ளிகளைச் சிவப்பில் அச்சடித்திருக்கிறார்கள். எங்கள் வகுப்பறை அரைச்சுவர்க் கட்டடம், காலை வெயில் நேரே படத்தில் விழுகிறது. வெயிலில் சிவப்புத்தான் முதலில் வெளிறும். இப்போது அந்த வரிசையில் பாதி எழுத்துக்குப் புள்ளியே இல்லை, க் என்பது க ஆகிவிட்டது. மற்றது, மேலே ஒட்டியிருக்கும் பளபளப்பான பிளாஸ்ரிக். மாரியில் சாரல் அடிக்கும் என்று நல்லெண்ணத்தோடுதான் ஒட்டியிருப்பார்கள். ஆனால் வெளிச்சம் அதில் பட்டுத் தெறித்து, ஒரு பக்கத்து வாங்குகளுக்கு நடுப்பகுதி வெறும் வெள்ளையாகத் தெரிகிறது.

பலகை எழுதும் எங்களிடம் 10 அடித் தூரத்துக்கு ஓர் அங்குல உயர எழுத்து என்று ஒரு கணக்கு உண்டு. 22 அடிக்கு இரண்டே கால் அங்குலம் வரும். சுழி அதிகமுள்ள தமிழுக்கு இரண்டரை அங்குலம் வைத்தால் பிள்ளை கண்ணைச் சுருக்காமல் வாசிக்கும். கோட்டின் தடிப்பு கால் அங்குலம் போதும். அதற்கு மேல் தடித்தால் ண-வின் சுழிகள் அடைபட்டு மறுபடியும் ன-வாகத் தெரியும். புள்ளி அரை அங்குல வட்டம், அதுவும் கறுப்பு.

இந்த அளவில் 247 எழுத்தையும் ஒரே படத்தில் எழுதச் சுவர் காணாது, எழுதவும் தேவையில்லை. உயிர் பன்னிரண்டுக்கும் எழுத்துக்கு அரை அடி வீதம் 6 அடி, மெய் பதினெட்டுக்கும் 5 அங்குலம் வீதம் ஏழரை அடி, ஆய்தத்துக்கு அரை அடி, ஆக 14 அடி. எங்கள் முன்சுவர் 20 அடி. ஆகவே கரும்பலகைக்கு மேலே, தரையில் இருந்து 7 அடி உயரத்தில், இந்த 31 எழுத்தையும் ஒரே வரியாகச் சுவரிலேயே எழுதிவிடலாம். முன்னால் இருப்பவரின் தலை மறைக்காது.

உயிர்மெய்யை வரிசை வரிசையாகப் பலகையில் எழுதலாம். க முதல் கௌ வரை போட்டுப் பார்த்தேன், ஏழேகால் அடிக்குக் கொஞ்சம் கூட வந்தது. 8 அடிக்கு 4 அடி பிளைவுட் ஒன்றை 8 அங்குலப் பட்டியாக அறுத்தால் ஆறு பட்டி கிடைக்கும். மூன்று பிளைவுட்டில் பதினெட்டு வரிசையும் முடிந்துவிடும். அந்த வாரம் படிப்பிக்கும் வரிசையை மட்டும் கொளுக்கியில் மாட்டினால் போதும். வாய்பாட்டையும் இதேபோல் எழுத நான்காவது பிளைவுட். ஒரு பலகைக்கு ஒரு வாய்பாடு, இலக்கம் இரண்டே கால் அங்குலம். பலகையின் பின்னணி மினுக்கம் இல்லாத மங்கிய வெள்ளை, எழுத்துக் கறுப்பு. பட்டிகளின் பின்புறத்துக்கும் விளிம்புக்கும் பெயின்ற் பூசாவிட்டால் எங்கள் பக்கத்தில் ஒரு மாரிக்குள் ஊறிவிடும், கறையானும் ஏறும்.

எழுதும் வேலையை நான் கூலி இல்லாமல் செய்து தருகிறேன். இரண்டு சனி, ஞாயிறு போதும். சுவரில் எழுதத் தங்களின் எழுத்துமூல அனுமதி வேண்டும் என்று அதிபர் சொல்கிறார். அந்த அனுமதியைத் தந்து, நான்கு பிளைவுட், பெயின்ற், கொளுக்கி ஆகியவற்றைத் தர உள்ளீட்டு நிதியில் வாங்குவதற்கு ஒப்புதல் அளிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். அப்புறம், வலயத்தின் மற்றப் பாடசாலைகளுக்கு எழுத்துப் படம் வாங்கும்போது, ஒரு பிரதியை வகுப்பறையில் மாட்டி, கடைசி வாங்கில் ஒரு பிள்ளையை இருத்தி, ஓட்டை மட்டையால் ண, ன, எ, ஏ நான்கையும் வரிசை மாற்றிக் கேட்டுப் பார்த்த பிறகே மீதியை வாங்கும்படி ஆரம்பக்கல்விக்குப் பொறுப்பான உத்தியோகத்தருக்கு அறிவுறுத்துமாறும் வேண்டுகிறேன்.

மாதிரிக்காகக் ககர வரிசைப் பட்டி ஒன்றை எழுதி அதிபரின் அறையில் வைத்திருக்கிறேன். தாங்கள் பாடசாலைக்கு வரும் நாளில் 22 அடி தள்ளி நின்று பார்க்கலாம்.

இங்ஙனம்,
தங்கள் உண்மையுள்ள,
தரம் 2 மாணவி ஒருவரின் தந்தை

இணைப்பு: வகுப்பறை அளவுப் படம், பொருட் பட்டியல்