கத்தரியை எடுப்பதற்கு முன்: தலைமை ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைமை ஆசிரியர்களுக்கு,

வணக்கம். புற்றுநோய் சிகிச்சையில் முடி உதிர்ந்தவர்களுக்கு விக் செய்ய, தானமாக வரும் முடியைத் தரம் பிரிப்பவர்கள் எழுதுகிறோம்.

எட்டாம் வகுப்புப் பையன் ஒருவனை எடுத்துக்கொள்ளுங்கள். முடி தானம் செய்யலாம் என்று கேள்விப்பட்டு, ஆறாம் வகுப்பு முழுப்பரீட்சை லீவில் முடிவெட்டுவதை நிறுத்துகிறான். அப்போது முடி ஐந்து சென்டிமீட்டர். மாதத்துக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் வளரும். எட்டாம் வகுப்பு ஜனவரியில் 26 சென்டிமீட்டர், அதாவது பத்து அங்குலம். பெரும்பாலும் கேட்கப்படுவது 12 அங்குலம். இன்னும் நாலு மாதம்தான். கோடை விடுமுறையில் அவனே வெட்டிக்கொள்வான். அதற்குள் பிரேயரில் வரிசையிலிருந்து இழுத்து, "நீ என்ன பொம்பளப் பிள்ளையா?" என்று கேட்டு, ஒரு பக்கத்தை மட்டும் வெட்டிவிடுகிறார் பி.டி. சார். மீதியைச் சமப்படுத்த அப்பா சலூனுக்குக் கூட்டிப்போகிறார். கீழே விழுந்ததை அம்மா ஒரு கவரில் அள்ளிக் கொடுத்தனுப்புகிறார்.

அந்தக் கவர் எங்களுக்குப் பயன்படாது. நீளம் குறைவு என்பது மட்டும் காரணமல்ல. ஒவ்வொரு முடியின் மேலும் கூரை ஓடு போல நுண்ணிய செதில்கள், வேரிலிருந்து நுனி நோக்கி அடுக்கியிருக்கும். தரையிலிருந்து அள்ளும்போது வேர்ப்பக்கமும் நுனிப்பக்கமும் கலந்துவிடும். எதிரெதிர்ச் செதில்கள் ஒன்றில் ஒன்று மாட்டி, ஒரு முறை அலசியதுமே விக் சிக்கலாகத் திரண்டுவிடும். நீளம் கேட்பதற்கும் காரணம் உண்டு: கையால் செய்யும் விக்கில் முடியை மடித்து வலையில் முடிச்சுப் போடுகிறோம். மடிப்பிலேயே நல்ல நீளம் போய்விடும்.

சரியாக வெட்டுவது கஷ்டமே இல்லை. முதல் நாள் அலசி, முழுக்கக் காயவிட வேண்டும். ஈரத்தோடு கட்டினால் பூஞ்சை பிடிக்கும். நாலைந்து கொத்தாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் மேலேயும் கீழேயும் ரப்பர் பேண்ட் போட்டு, மேல் பேண்டுக்குச் சற்று மேலே, தலைப்பக்கம், வெட்ட வேண்டும். பேண்டைக் கழற்றவே கூடாது.

முடி விதியையே எடுத்துவிடுங்கள் என்று கேட்கவில்லை (கேட்கலாம்தான், அது வேறு மடல்). பெற்றோரிடம் ஒரு கடிதம் வாங்குங்கள்: இன்று எத்தனை அங்குலம், எந்த மாதம் வெட்டப்படும் என்று இரண்டே வரி. அதுவரை பின்னால் இறுக்கிக் கட்டி வரட்டும். லேபில் பன்சன் அடுப்புக்கு அதுவே பாதுகாப்பு. பேன் கவலை என்றால் வாரம் ஒருமுறை பேன் சீப்பால் வாரிப் பார்க்கச் சொல்லுங்கள்.

சொன்ன மாதம் கடந்தும் வெட்டவில்லை என்றால் பெற்றோரைக் கூப்பிடுங்கள். பள்ளியில் யாரும் கத்தரி எடுக்க வேண்டாம். 6 முதல் 14 வயதுப் பிள்ளைகளை உடலாலோ மனதாலோ துன்புறுத்துவதை 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு தடை செய்கிறது. எட்டாம் வகுப்புப் பையன் அந்த வயதுக்குள்தான் வருவான்.

இப்படிக்கு,
முடி தரம் பிரிப்போர்